பாஸில் இருந்த ஒரு பெயர்

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால், முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது யார் யாருக்கு எதைக் கொடுத்து ஏமாந்தோம் என்பதைத்தான். போன வாரம்கூட நம்மில் ஒருத்தி, சிநேகிதி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை என்று அலுத்துக்கொண்டாள். நாமெல்லாம் தலையை ஆட்டினோம். நானும்தான் ஆட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருத்தியை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. அவள் என் அம்மா. அவள் மாட்டேன் என்று சொன்ன அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பயந்து செத்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அப்போது நாங்கள் கல்கத்தாவில் கிதிர்பூரில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ஆற்றோரமாக இருந்த ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். கப்பல்கள் ஊதுவது எங்கள் சமையலறை வரை கேட்கும். கீழே வீட்டுக்கார வங்காளிக் குடும்பம், மாடியில் இரண்டு குடித்தனம். ஒன்று நாங்கள், மற்றொன்று மாமி. மாமியின் அகத்துக்காரர் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாடியிலேயே ஒரு திறந்த முற்றமும், கரி அடுப்புகள் புகைந்து கறுத்துப்போன ஒரு சுவரும்தான். அந்தச் சந்தில் தமிழ் பேசத் தெரிந்த பொம்மனாட்டிகள் அம்மாவும் மாமியும் மட்டுமே. மாமி பெரியவள். அம்மா அவளை அக்கா என்பாள்.

மாமியின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. முன்னொரு காலத்தில் வந்து போன வைசூரி. அதனால்தான், நான் சொல்ல வந்த குளிர்காலத்துக்கு முந்தின மாசியில் என் தங்கைக்கு அம்மை போட்டபோது, வீட்டுக்குள் பயமில்லாமல் வந்தவள் அவள் ஒருத்திதான். வேப்பிலையை வைத்துக்கொண்டு அவள் தங்கையின் பக்கத்திலேயே இருந்தாள். அப்பாவைக்கூட உள்ளே விடவில்லை. தங்கை போகும்போது அவள் தலை மாமியின் மடியில்தான் இருந்தது. எனக்குக் கையில் அம்மை குத்தியிருந்தது. தங்கைக்குக் குத்தவில்லை. அவளுக்கு அப்போது ஜலதோஷம், அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பாவுக்கு எல்லாமே அப்புறம் பார்க்கலாம்தான்.

தங்கையின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மாமி எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். தயிருக்கு உறை, காப்பி அரைக்கிற மிஷின், அம்மாவின் அரக்குப் புடவை, என் அப்பாவின் குடை. கேட்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. கொடுப்பதிலும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் காப்பி மிஷின் பாதி நாள் அவள் வீட்டில்தான் இருக்கும். பச்சை வர்ணம் அடித்த பீங்கான் கிண்ணம் வைத்த மிஷின் அது. இப்போது எங்கே போயிற்றோ, தெரியவில்லை. அந்த வாசனை மட்டும் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அந்த வருஷம் அம்மா முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு மாயவரம் பக்கத்தில் இருந்த பாட்டனார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்தில் ஏதோ ஒரு தரம் இலவச பாஸ் உண்டு. தான், பெண்டாட்டி, குழந்தைகள் என்று பெயரும் வயதும் எழுதி மனுப் போட வேண்டும். ஆபீஸில் அதை முந்தின வருஷத்து விவரத்தோடு ஒத்துப் பார்த்து பாஸ் எழுதுவார்கள். பாதி தூரம் அப்பாவின் கம்பெனி ரயில், மீதி தூரம் வேறு கம்பெனி ரயில். வழியில் பரிசோதகர் வந்து தலைகளை எண்ணுவார். குழந்தைகளிடம் பெயர் கேட்பார். பொய்ப் பெயரில் ஆளைக் கூட்டிப் போவது கண்டுபிடிக்கப்பட்டால் பாஸ் போகும், உத்தியோகமும் போகும். அப்பாவின் ஆபீஸில் ஒருவருக்கு அப்படிப் போயிருந்தது. அவர் பேச்சை எடுத்தாலே அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

தங்கை போனதை அப்பா ஆபீஸில் எழுதிக் கொடுக்கவே இல்லை. எழுத அவருக்குக் கை வரவில்லை. அதனால் ஆபீஸ் விவரத்தில் எங்களுக்கு இன்னும் இரண்டு பெண்கள். இதை அவர் ஒரு நாள் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு மாமியின் அகத்துக்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். மாமியின் காதில் அது விழுந்துவிட்டது.

மாமிக்கு ஒரே பெண். என்னைவிடச் சின்னவள், என் தங்கை வயது. குளிர் முடிந்தால் கல்கத்தாவில் அம்மை வரும் காலம். வங்காளிகள் அந்த நோயையே வசந்தம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு வங்காளி அம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது கையைக் கூப்பிக்கொள்வாள். சந்துக் கோடியில் ஒரு வீட்டில் வந்துவிட்டது என்று தை பிறக்கும்போதே பேச்சு அடிபட்டது. மாமிக்குத் தூக்கம் போய்விட்டது. பெண்ணை ஊரில் தன் அண்ணா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று துடித்தாள். அவள் அகத்துக்காரரிடம் டிக்கெட்டுக்கு வழியில்லை. ஆகவே மாமி அப்பாவிடம் கேட்டாள். எங்களோடு அவளையும் கூட்டிப் போக வேண்டும், பாஸில் இருக்கிற என் தங்கையின் பெயரில்.

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் வினை. ஆபீஸில் ஹெட் கிளார்க் கெடுபிடிக்காரர் என்றார். மறுநாளே மாமி, தன் அகத்துக்காரருக்கு அந்த ஹெட் கிளார்க்கின் மைத்துனரைத் தெரியும், சொல்லி வைக்கலாம் என்று வந்து நின்றாள். பாஸில் இருக்கிற வயதுக்கு உங்கள் பெண் உயரம் போதாது என்றார் அப்பா. பாவாடையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி உட்கார்த்தி வைத்தால் தெரியாது என்றாள் மாமி. குழந்தை பரிசோதகரிடம் உளறிவிடும் என்றார். அதற்கு நான் பொறுப்பு என்றாள் மாமி. அப்பா ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, மாமி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் காரணம் தீர்ந்துபோய் அப்பா, பார்க்கலாம் என்றார். மாமி சந்தோஷமாகப் போய்விட்டாள். அப்பா மட்டும் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை ஓட்ட என்னை உட்கார்த்தியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "உன் பேர் என்ன?" என்றாள். அவள் பெண் தன் பெயரைச் சொன்னாள். மாமி அவள் கன்னத்தில் லேசாகத் தட்டி, மறுபடி கேட்டாள். அப்போது அவள் என் தங்கையின் பெயரைச் சொன்னாள்.

வெயிலில் உட்கார்ந்திருந்தும் எனக்குப் பல் கிட்டியது. அந்தப் பெயரை அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், அம்மன் அந்தப் பெயரைக் கேட்டுவிடுவாள், ஒரு தரம் வந்து அழைத்துப்போன பெண் இன்னும் இங்கேதான் இருக்கிறாளா என்று திரும்பி வருவாள், இவளையும் கொண்டுபோய்விடுவாள். நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு அது எனக்கு ரயிலைப்போல நிஜமாக இருந்தது. மாமி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சரளமாகச் சொன்னாள்.

நான் வடாத்தை விட்டுவிட்டுக் கீழே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. முறத்தை நகர்த்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அவர்கள் பேசினது எனக்குக் கேட்டது. அப்பா ஒரு யோசனை சொன்னார். தான் கண்டிப்பாக மறுத்துவிட்டதாக மாமியிடம் அம்மா சொல்லிவிடட்டும், பழி தன்மேல் இருக்கட்டும் என்றார். அதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உங்களைச் சொன்னால் அவள் உங்களைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பாள், மாட்டேன் என்பது நான்தான், நானேதான் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னால் மாமிக்கு மனசு முறிந்துபோகுமே, உனக்கு ஒரு அவசரம் என்றால் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை அப்பா ஆபீஸ் போன பிறகு அம்மா மாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். காப்பி கலந்து கொடுத்தாள். மாமி தன் பயத்தையெல்லாம் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை. சந்துக் கோடி வீடு, தன் பெண்ணின் இருமல், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் வருகிற நடுக்கம் என்று மாமி சொல்லிக்கொண்டே போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் காலடியில் தரை குளிர்ந்தது.

அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, நீங்கோ பயப்படறது நியாயம். உங்க பொண்ணு என் பொண்ணுதான். ஆனா அவ பேர்ல இவளைக் கூட்டிண்டு போக மாட்டேன். என்னால முடியாது."

"ஏன்டி முடியாது? பேப்பர்ல இருக்கற பேர்தானே?"

"முடியாதுக்கா."

அவ்வளவுதான். ஹெட் கிளார்க்கையோ, பரிசோதகரையோ, அப்பாவின் உத்தியோகத்தையோ அவள் இழுக்கவே இல்லை. இழுத்திருந்தால் மாமி அவற்றையும் தீர்த்து வைத்திருப்பாள். சொல்லிவிட்டு அம்மா சும்மா இருந்தாள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நானாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்புவதற்காகவே எதையாவது உளறி, பாதி சம்மதம் கொடுத்துவிட்டிருப்பேன். அம்மா கையை விடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

பிறகு மாமி அந்த வார்த்தையைச் சொன்னாள். "உன் குழந்தையை என் மடியில போட்டுண்டு நான் உக்காந்திருந்தேன். அதை நீ மறந்துட்டே."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா இப்போது உடைந்து போய்விடுவாள், சரி என்றுவிடுவாள், பெயர் ரயிலேறிவிடும் என்று நினைத்தேன்.

"மறக்கலைக்கா. செத்தாலும் மறக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "நீங்கோ என்ன கேட்டாலும் செய்யணும்னுதான் இருக்கு. இதை மட்டும் செய்ய மாட்டேன். நாளைக்கு ஊசி குத்தற டீக்காக்காரர் சந்துக்கு வரார். இவளுக்கு அம்மை குத்திடலாம். நான் கூட வந்து, என் மடியில உக்காத்தி வெச்சுக்கறேன். நான் என் குழந்தைக்குக் குத்தாம விட்டேன், நீங்கோ விடாதீங்கோ."

மாமி எழுந்து போய்விட்டாள். காப்பி அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து முற்றத்துக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தியே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பாவுக்கு ரஜா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ரஜா கிடைக்கவில்லையென்றால் குழந்தை இங்கேயே பிறக்கும், மாமி வரமாட்டாள், அம்மாவும் தங்கை மாதிரி போய்விடுவாள் என்று என் மனசு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போயிற்று.

அம்மாவோ ஒன்றுமே நடக்காததுபோல இருந்தாள். உண்மையில் அப்படி இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. ஒவ்வொரு நாள் காலையும் கொஞ்ச நேரம் முற்றத்து நடுவில் நின்றுவிட்டுத்தான் அந்தக் கதவைத் தட்டுவாள். காப்பிப் பொடி அரைத்தேன் என்று கொண்டுபோய்க் கொடுப்பாள். வழக்கம்போல அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி விடுவாள். மாமி முகம் கொடுக்கமாட்டாள். அம்மா மன்னிப்பும் கேட்கமாட்டாள். ஒரு தரம் மாமி, குரலைத் தணித்துக்கொண்டு, இன்னும் யோசித்துப் பாரேன் என்று கேட்டாள். அம்மா முதல் நாள் சொன்னதையே, அதே குரலில், அதே அன்போடு சொன்னாள். அலுத்துக்கொள்ளவில்லை. எத்தனை தரம் சொல்வது என்று கடுகடுக்கவும் இல்லை. புதிதாக ஒரு காரணமும் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் மாமி, டீக்காக்காரர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்டாள்.

அவர் கையில் தோல் பை வைத்திருந்த வங்காளிக் கிழவர். கீழ் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா, தன் வயிற்றோடு, அந்தப் பெண்ணை மடியில் இடுக்கி உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். மாமி பார்க்கமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் போட்ட கூச்சலில் மாஷிமா வீட்டுப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

சில நாளில் குத்திய இடம் வீங்கிக் கொப்புளம் போட்டது. காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வருவது சகஜம் என்று கிழவர் சொல்லியிருந்தார். ஆனால் காய்ச்சல் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். மாமி தன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. அம்மா சொன்ன ஒரு வார்த்தையால் இவள் செத்துப்போகப் போகிறாள், ஊருக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாள், அம்மாவை யாரும் மன்னிக்கப்போவதில்லை. அப்பாவும் வெளியே சொல்லாமல் அதையேதான் நினைத்திருப்பார். ஆபீஸிலிருந்து வந்தவுடன் எதிர் வீட்டு ஜன்னலைத்தான் முதலில் பார்ப்பார். அம்மா மட்டும் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். மாமி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கிற்று. அந்தப் பெண் எழுந்து பொரி கேட்டாள். கையில் பொருக்கு காய்ந்து, எனக்கு இருப்பதுபோலவே ஒரு வட்டத் தழும்பு விழுந்தது. அப்போதும் மாமி அம்மாவிடம் பேசவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம். மழை காலம் தப்பிப் பெய்துகொண்டிருந்தது. அப்பா ஆபீஸில் இருந்தார். அம்மா சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் மாதம்தான். எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று யாரோ சொல்லி நான் கேட்டிருந்தேன். மாமியைக் கூப்பிடு என்று அம்மா சொன்னாள். போய்க் கூப்பிட்டு அவள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம் எல்லாம். மழையில் முற்றத்தைத் தாண்டி ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. மாமி என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பிலிருந்த பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த பழைய புடவைகளை எடுத்துக்கொண்டாள். மாஷிமாவைக் கூப்பிட்டு மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். பிறகு என்னைத் தன் பெண்ணோடு தன் வீட்டில் உட்கார வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனாள். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மழைச் சத்தத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவின் முனகல் கேட்டது. இடையிடையே மாமி அதட்டுவதும் கேட்டது. அந்த அதட்டல் கேட்கிற வரை அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. பஞ்சில் சுற்றி, கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பல நாள் மாமிதான் அதைக் காப்பாற்றினாள். பாஸ் அந்த வருஷம் எழுதப்படவே இல்லை. சந்தில் அம்மை வந்து சிலரைக் கொண்டுபோயிற்று. மாடிக்கு ஏறவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள் வந்தது. அம்மா படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. அத்தை ஸ்தானத்தில் மாமிதான் குழந்தையின் காதில் பெயர் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. மாமி எண்ணெய் தடவி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள். "அக்கா, அவ பேரையே இவளுக்கு வெச்சுடுங்கோ. நீங்கோதான் சொல்லணும். எனக்கு அந்தப் பேரைக் கூப்பிடணும் போல இருக்கு."

அப்பா, சரி மன்னி, அப்படியே செய்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். மாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"சொல்ல மாட்டேன்டி" என்றாள் மாமி. "நானே அதைத் தூக்கி என் பொண்ணு மேல போடப் பாத்தவதான். அது போனவளோடது. இவ புதுசா வந்திருக்கா. வேற ஒரு நல்ல பேரா சொல்லு, நாள் முழுக்க இவ காதுல சொல்லிண்டு உக்காந்திருக்கேன்."

அம்மா அழ ஆரம்பித்தாள். தங்கை போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தம் போட்டு, கீழ் வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். மாமி சமாதானம் சொல்லவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் அம்மாவுமாக, அம்மா அழுது முடித்து வேறு ஒரு பெயர் சொல்லும் வரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.